குறுக்கு விசாரணையில் ஒரு மகஜர் சாட்சி

கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றியவர்களுக்கு நீதிமன்றக் கூண்டு புதிய இடமாக இருக்க வாய்ப்பில்லை. ஊர் எல்லைக்குள் ஒரு கொலையோ சந்தேக மரணமோ நடந்துவிட்டால், காவல் ஆய்வாளர் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரிலும், கைதானவர் காட்டிக்கொடுக்கும் பொருளை எடுக்கும்போது எழுதும் கைப்பற்றுதல் மகஜரிலும் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர்கள் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய கிராம உதவியாளரும்தான். அன்றைக்குப் போட்ட கையெழுத்துக்கு, சில ஆண்டுகள் கழித்து அமர்வு நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். தென் மாவட்டம் ஒன்றில் பணியாற்றிய காலத்தில் நான் அப்படிப் பல வழக்குகளில் சாட்சி சொல்லியிருக்கிறேன். அவற்றில் ஒரு கொலை வழக்கின் குறுக்கு விசாரணையை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே என்ன கேட்டார்கள், ஏன் கேட்டார்கள், பதில் எப்படிப் பதிவாயிற்று என்பதை இங்கே எழுதுகிறேன். முதல் முறையாகச் சம்மன் கிடைத்து, இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் ஒருவருக்கு இது உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

சாட்சியை அழைத்த தரப்பு முதலில் கேட்பது முதல் விசாரணை. அதில் பதிலை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்விகளைப் பொதுவாகக் கேட்கக் கூடாது. "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கலாம், "அங்கே அரிவாளைப் பார்த்தீர்கள் அல்லவா?" என்று கேட்கக் கூடாது. அடுத்து எதிர்த் தரப்பு செய்வது குறுக்கு விசாரணை. அதில் இந்தத் தடை இல்லை, வழக்கறிஞர் தாமே ஒரு வாக்கியத்தைச் சொல்லி, "சரிதானே?" என்று முடிக்கலாம். முதல் விசாரணையில் பேசாத விஷயங்களையும் கேட்கலாம், சாட்சியின் நம்பகத்தன்மையையும் தொடலாம். அதில் ஏதேனும் தெளிவுபடுத்த வேண்டியிருந்தால், அழைத்த தரப்பு மறு விசாரணை செய்யும். 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் வகுத்த இந்த வரிசை, அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் அப்படியே இருக்கிறது. பிரிவு எண்கள்தான் மாறியிருக்கின்றன.

இவற்றையெல்லாம் விட, கூண்டில் ஏறுபவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. நம் குற்றவியல் நீதிமன்றங்களில் சாட்சியம் வழக்கமாகக் கேள்வி பதிலாகப் பதிவாவதில்லை. சாட்சியே சொல்லிக்கொண்டு போவது போன்ற உரைநடையாகத்தான் பதிவாகிறது. தேவைப்பட்டால் ஒரு பகுதியைக் கேள்வி பதிலாகவே எழுதும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு என்றாலும், நடைமுறை உரைநடைதான். ஆகவே, வழக்கறிஞர் நீளமாக ஒன்றைச் சொல்லி "சரிதானே?" என்று கேட்கும்போது நாம் "ஆமாம்" என்று ஒரு சொல் சொன்னால், பதிவில் அந்த ஒரு சொல் இருக்காது. வழக்கறிஞர் சொன்ன முழு வாக்கியமும் நாமே சொன்னதாக அங்கே இருக்கும். குறுக்கு விசாரணையின் நுட்பங்களில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவை என்பது என் அனுபவம்.

இனி அந்த வழக்கு. நிலத் தகராறில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து ஒருவரைக் காலை 6 மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் கைது செய்ததாக ஆய்வாளர் ஆள் அனுப்பினார். நானும் கிராம உதவியாளரும் போனோம். எங்கள் முன்னிலையில் அவர் வாக்குமூலம் கொடுத்தார். பிறகு எங்களைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போய், மடைக்குப் பக்கத்தில் இருந்த கருவேலம்புதருக்குள் கையை விட்டு ஓர் அரிவாளை எடுத்துக் கொடுத்தார். மகஜர் எழுதப்பட்டது, இருவரும் கையெழுத்துப் போட்டோம். அப்போது மணி 8 இருக்கும்.

காவல் துறையினரிடம் கொடுக்கும் ஒப்புதலை, நீதிமன்ற வழக்கில் எதிரி என்று அழைக்கப்படும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஆனால் அந்த ஒப்புதலின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் நீதிமன்றம் ஏற்கும். பழைய சட்டத்தின் 27ஆம் பிரிவு என்று எல்லா வழக்கறிஞர்களும் சொல்வது இதைத்தான். ஆகவே மகஜர் சாட்சியின் மீது எதிரி தரப்பு வழக்கறிஞர் குறி வைப்பதற்குத் தனிப்பட்ட காரணம் எதுவும் இல்லை. அரிவாள் அந்தப் புதரிலிருந்து அந்த மனிதரால் எடுக்கப்பட்டது என்பது உடைந்துவிட்டால், அந்த ஒப்புதலில் மிஞ்சுவது எதுவுமில்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகு, அவர் குரலை உயர்த்தும்போதும் எனக்குக் கோபம் வந்ததில்லை. கூண்டில் நிற்கும் எதிரி நிரபராதியாகவும் இருக்கலாம். அவருக்காக அந்தக் கேள்விகளைக் கேட்க ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

எனக்கு முன்பாகக் கிராம உதவியாளரை விசாரித்தார்கள். நேர்மையான மனிதர், படிப்புக் குறைவு, நீதிபதியைக் கண்டாலே கை நடுங்கும். முதல் விசாரணையில் நடந்ததை ஒழுங்காகச் சொன்னார் என்று பிறகு அறிந்தேன். ஒரு சாட்சி சொல்லும்போது அடுத்த சாட்சி உள்ளே இருக்கக் கூடாது என்பதால் நான் வெளியே வராந்தாவில் இருந்தேன். குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்ட கேள்வியை, பிறகு சாட்சியப் படியில் நானே படித்துப் பார்த்தேன். வழக்கறிஞர் கேட்டது ஏறக்குறைய இப்படி: "நீங்கள் கண்மாய்க் கரைக்குப் போனபோது போலீசார் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், மகஜரையும் எழுதி முடித்திருந்தார்கள், காட்டிய இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், சரிதானே?" அவர் "ஆமாங்கய்யா" என்றிருக்கிறார். போலீசார் அங்கே இருந்தது உண்மை, ஆனால் எங்களோடு வந்தவர்கள்தான். ஆய்வாளர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதும் உண்மை. நடுவில் இருந்த துண்டு பொய். முதலும் கடைசியும் உண்மைபோல் ஒலித்ததால், நடுவில் இருந்தது அவர் காதில் விழாமலே போய்விட்டது. பதிவிலோ, "நான் சென்றபோது காவல் துறையினர் மகஜரை எழுதி முடித்திருந்தார்கள்" என்று அவரே சொன்னதாக இருந்தது.

அதே கேள்வி என்னிடமும் வந்தது. இப்படிப்பட்ட கேள்வியைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். "காவல் துறையினர் எங்களோடுதான் வந்தார்கள். மகஜர் அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை. அரிவாளை எடுத்த பிறகு ஆய்வாளர் சொல்லச் சொல்லத் தலைமைக் காவலர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்த பிறகு நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்" என்று சொன்னேன். வழக்கறிஞர், "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஆமாமா இல்லையா?" என்றார். இந்த இடத்தில் பலர் தடுமாறிப் போவார்கள். ஆமாம் அல்லது இல்லை என்று மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் எங்கேயும் சாட்சியைக் கட்டிப்போடவில்லை. நான் வழக்கறிஞரோடு வாதாடாமல் நீதிபதியைப் பார்த்து, "ஐயா, கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று உண்மை, மற்றவை உண்மையில்லை. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் தவறாகிவிடும்" என்று சொன்னேன். நீதிபதி வழக்கறிஞரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

நீதிபதியைப் பார்த்துப் பதில் சொல்வதை நான் எப்போதும் வழக்கமாக வைத்திருந்தேன். கேள்வி ஒரு பக்கத்திலிருந்து வரும். பதிலை முடிவுசெய்து பதிவுக்குச் சொல்பவர் நீதிபதி. நாம் அவரைப் பார்த்து, தட்டச்சு செய்பவர் பின்தொடரும் வேகத்தில் பேசினால், நம் சொற்களே பதிவாவதற்கு வாய்ப்பு அதிகம். இன்னொரு நன்மையும் உண்டு. வேகமாக அடுத்தடுத்துக் கேள்வி கேட்பது குறுக்கு விசாரணையில் வழக்கமான முறை; கேட்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நம்மையறியாமல் அவர் வேகத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவோம். கேள்வி முடிந்ததும் நீதிபதி பக்கம் திரும்புவதற்கு ஆகும் இரண்டு மூன்று நொடி, கேள்வியை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் போதும். அந்த இடைவெளியில்தான் அரசு வழக்கறிஞர் ஆட்சேபம் தெரிவிக்கவும் முடியும். பதில் வந்த பிறகு ஆட்சேபித்துப் பெரிய பயன் இல்லை.

அடுத்து வழக்கறிஞர் அளவுகளுக்கு வந்தார். மடையிலிருந்து அந்தப் புதர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். நான், "அளந்து பார்க்கவில்லை. கண் மதிப்பில் முப்பது நாற்பது அடி இருக்கும்" என்றேன். உடனே வரைபடத்தை எடுத்து, "அதில் 18 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, அதாவது ஏறக்குறைய 60 அடி. நீங்கள் அந்த இடத்துக்கே போகவில்லை, அதனால்தான் தூரம் தெரியவில்லை என்கிறேன்" என்றார். இங்கே மனம் செய்யத் துடிக்கும் காரியம், வரைபடத்தோடு ஒத்துப்போவதற்காக முன்பு சொன்னதை மாற்றுவது. "60 அடியும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி "அப்படியானால் சற்று முன் சொன்னது பொய்யா?" என்பதாக இருக்கும். நான் சொன்னது, "வரைபடம் நான் வரைந்தது இல்லை. நான் அளக்கவில்லை. கண் மதிப்பைத்தான் சொன்னேன். அந்த இடத்துக்கு நான் போனேன்" என்பது மட்டும்.

தூரம், நேரம், நிகழ்ச்சிகளின் வரிசை ஆகியவற்றில் மனிதர்கள் தவறுவார்கள் என்பது நீதிமன்றங்களுக்குத் தெரியாதது அன்று. 1983இல் குஜராத்திலிருந்து வந்த பர்வாடா போகின்பாய் ஹிர்ஜிபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விரிவாகவே சொல்லியிருக்கிறது. சாட்சிக்குப் புகைப்படம் போன்ற நினைவாற்றல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நேரத்தைப் பற்றிக் கேட்டால் பொதுவாக ஊகித்துத்தான் சொல்வார்கள். நீதிமன்றச் சூழலும் துளைத்தெடுக்கும் குறுக்கு விசாரணையும் உண்மையான சாட்சியைக்கூடக் குழப்பிவிடும். ஆகவே வழக்கின் வேரைத் தொடாத சிறிய முரண்களுக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தரக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சாட்சிக்கு இதனால் கிடைக்கும் ஆறுதல் பெரியது. தூரம் தெரியாமல் இருப்பது வழக்கை உடைக்காது. தெரியாத தூரத்தைத் தெரிந்ததுபோல் துல்லியமாகச் சொல்வதுதான் ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

இங்கே ஒன்றைச் சற்று நின்று சொல்ல வேண்டும். "தெரியாது", "நினைவில்லை", "கவனிக்கவில்லை" என்ற மூன்று பதில்களையும் சாட்சிகள் ஒன்றுக்கு மற்றொன்றாகப் பயன்படுத்துகிறார்கள். மூன்றும் வெவ்வேறு. எதிரியின் சட்டை என்ன நிறம் என்று என்னிடம் கேட்டபோது, "நினைவில்லை" என்று சொன்னேன். அன்று பார்த்தது உண்மை, இத்தனை ஆண்டில் மறந்துவிட்டது. அந்த நேரத்தில் கண்மாய்க் கரையில் யாராவது மாடு மேய்த்தார்களா என்று கேட்டதற்கு, "கவனிக்கவில்லை" என்றேன். ஆய்வாளர் எத்தனை மணிக்கு நிலையத்திலிருந்து கிளம்பினார் என்பதற்கு, "தெரியாது" என்றேன், நான் நிலையத்தில் இருக்கவில்லை என்பதால். கவனிக்காத ஒன்றுக்கு "யாரும் இல்லை" என்று சொல்லியிருந்தால், பிறகு ஒரு மாடு மேய்ப்பவரை எதிரி தரப்பு சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தினால் என் முழுச் சாட்சியமும் ஆட்டம் கண்டிருக்கும். அதே நேரத்தில், நன்றாகத் தெரிந்த ஒன்றுக்குப் பயத்தினால் "நினைவில்லை" என்று சொல்வதும் பொய்தான். அரசு தரப்பு அந்த இடத்தில் சாட்சியைப் பிறழ் சாட்சியாகக் கருதி, நீதிமன்றத்தின் அனுமதியோடு தானே குறுக்கு விசாரணை செய்ய நேரிடும்.

உண்மையான விஷயத்தை ஒப்புக்கொள்ளச் சாட்சிகள் அஞ்சுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "கண்மாய்க் கரை பலரும் வந்து போகும் இடம்தானே?" என்று கேட்டார். கேள்வியின் நோக்கம் தெளிவு. யார் வேண்டுமானாலும் அரிவாளை அங்கே போட்டிருக்கலாம் என்று வாதிட அது பயன்படும். ஆனால் அது பலரும் வந்து போகும் இடம்தான். "ஆமாம்" என்றேன். உடனே சேர்த்து, "அரிவாள் புதருக்குள் இருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை" என்றும் சொன்னேன். அது நான் கண்ட உண்மை என்பதாலும், அதே கேள்வியின் மறுபாதி என்பதாலும் சொன்னேன். "பல வழக்குகளில் மகஜர் சாட்சியாக இருந்திருக்கிறீர்கள், போலீஸ் கூப்பிட்டால் போய்விடுவீர்கள்?" என்றும் கேட்டார். அதற்கும் "ஆமாம்" என்பதே பதில். கூப்பிட்டால் போவது என் வேலையாக இருந்தது.

சாட்சி சொல்ல வருமுன் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி அநேகமாக எல்லா வழக்கிலும் வரும். "அரசு வழக்கறிஞரைப் பார்த்தீர்களா? மகஜரைப் படித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்பார்கள். இதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் நினைத்துப் பலர் "இல்லை" என்பார்கள். நீதிமன்ற வராந்தாவில் அரை மணி நேரம் அரசு வழக்கறிஞரோடு நின்று பேசியதை எதிர்த் தரப்பு வழக்கறிஞர் தன் கண்ணாலேயே பார்த்திருப்பார். பழைய ஆவணத்தைப் படித்து நினைவைப் புதுப்பித்துக்கொள்வது தவறு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தான் எழுதிய அல்லது அந்தச் சமயத்திலேயே படித்துச் சரிபார்த்த ஆவணத்தைக் கூண்டில் நின்றபடியே பார்க்கக்கூடச் சட்டம் இடம் தருகிறது. படித்தேன் என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். ஆனால், என்ன சொல்ல வேண்டும் என்று பிறர் சொல்லிக் கொடுப்பது வேறு விஷயம். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கில், சாட்சியம் அளிப்பதற்கு முந்தைய நாள் சாட்சிகளைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்துச் சொல்லிக் கொடுத்திருந்ததை உச்ச நீதிமன்றம் 2024இல் கடுமையாகக் கண்டித்தது. அப்படி யாரேனும் அழைத்தால் போகாமல் இருப்பதே நல்லது. போயிருந்தால், கேட்கும்போது அதை மறைக்கக் கூடாது.

காவல் துறையினர் விசாரணையின்போது எழுதும் வாக்குமூலத்தைப் பற்றியும் கேள்வி வரும். 161 வாக்குமூலம் என்று பழைய பிரிவு எண்ணாலேயே இன்னும் அழைக்கிறார்கள். அதில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. விசாரணை அதிகாரி தம் நடையில் சுருக்கமாக எழுதிக்கொள்கிறார். எதிரி தரப்பு அதை நம் சாட்சியத்தோடு முரண்படுத்திக் காட்டுவதற்குப் பயன்படுத்தலாம். "புதருக்குள் கையை விட்டு எடுத்தார் என்று போலீஸ் விசாரணையில் சொன்னீர்களா?" என்று என்னிடம் கேட்டார். சொன்னதாகவே எனக்கு நினைவு. "சொன்னேன்" என்றேன். "அப்படி எழுதப்படவில்லையே?" என்றார். "என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது, எனக்குப் படித்துக் காட்டவில்லை" என்றேன். அவ்வளவுதான். அது எழுதப்பட்டதா இல்லையா என்பதை விசாரணை அதிகாரி கூண்டுக்கு வரும்போது அவரிடம் கேட்டுத்தான் நிலைநாட்ட வேண்டும். ஏன் எழுதாமல் விட்டார்கள் என்பதற்குச் சாட்சி காரணம் கற்பிக்க முற்பட்டால், தனக்குத் தெரியாத இடத்தில் கால் வைக்கிறார் என்று பொருள். எழுத்திலிருந்து முரண்படுத்த விரும்பும் வழக்கறிஞர், அந்தக் குறிப்பிட்ட பகுதியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே, "நீங்கள் முன்பு வேறு மாதிரி சொல்லியிருக்கிறீர்கள்" என்று பொதுவாகச் சொன்னால், எந்த வரி என்று படித்துக் காட்டும்படி நீதிபதியிடம் பணிவாகக் கேட்கலாம்.

அந்த விசாரணையில் எனக்குக் கடினமாக இருந்த கேள்வி இவற்றில் எதுவுமில்லை. சிறிது நேரம் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாதாரணமாக, "போலீஸ் நிலையத்தில் நீங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை?" என்று கேட்டார். கேள்வியின் அமைப்பே "போடவில்லை" என்ற பதிலை நோக்கித் தள்ளியது. அரசு வழக்கறிஞரும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்திருப்பார். ஆனால் உண்மை வேறு. கைப்பற்றிய பொருளில் சாட்சிகளின் கையெழுத்தோடு ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அன்று கண்மாய்க் கரையில் பசை இல்லை. அரிவாளைத் துணியில் சுற்றி நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கேதான் சீட்டு எழுதி ஒட்டினார்கள். அந்தச் சீட்டில் நான் நிலையத்தில் கையெழுத்துப் போட்டேன். "மகஜரில் கண்மாய்க் கரையில் போட்டேன். அரிவாளில் ஒட்டிய சீட்டில் நிலையத்தில் போட்டேன்" என்று சொன்னேன். அரசு வழக்கறிஞர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரி தரப்பு வழக்கறிஞர் அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வேண்டியது கிடைத்துவிட்டால் அனுபவமுள்ளவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

இப்படி ஒரு பதில் சொன்ன உடனே அதைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு எழும். "ஆனால் அது வழக்கம்தான் ஐயா, எல்லா வழக்கிலும் அப்படித்தான்" என்று கேட்காமலே விளக்கம் சொன்னால், அந்த விளக்கத்திலிருந்து புதிய கேள்விகள் கிளம்பும். அதற்குத்தான் மறு விசாரணை இருக்கிறது. அரசு வழக்கறிஞர் எழுந்து, சீட்டை ஏன் நிலையத்தில் ஒட்டினார்கள் என்று கேட்டார். பசை இல்லாததைச் சொன்னேன். அரிவாளைச் சுற்றிய துணி இடையில் அவிழ்க்கப்பட்டதா என்று கேட்டார். நான் அதே வாகனத்தில் போனேன், அவிழ்க்கவில்லை என்றேன். குறுக்கு விசாரணையில் எழுந்த விஷயத்தை விளக்குவதற்கே மறு விசாரணை என்பதால், குறுக்கு விசாரணையில் நான் அதை மறைத்திருந்தால் இந்த விளக்கம் பதிவில் ஏற வழியே இருந்திருக்காது. தீர்ப்பில் அரிவாள் கைப்பற்றப்பட்டதை நீதிபதி நம்பினார்; சீட்டைப் பற்றி நான் மறைக்காமல் சொன்னதையும், கிராம உதவியாளரின் சாட்சியத்தில் இருந்த அந்த ஒரு வரி மற்றச் சாட்சியங்களோடு பொருந்தவில்லை என்பதையும் குறிப்பிட்டிருந்தார். எனினும் நேரில் கண்டதாகச் சொல்லப்பட்ட சாட்சிகள் பிறழ்ந்துவிட்டதால், அரிவாள் கிடைத்தது மட்டும் போதாது என்று எதிரி விடுதலை செய்யப்பட்டார். வழக்கு வெல்வதும் தோற்பதும் மகஜர் சாட்சியின் பொறுப்பில் வராது என்பதை நான் முன்பே அறிந்திருந்தேன். அந்த அறிவும் கூண்டில் பதற்றத்தைக் குறைக்கிறது.

குறுக்கு விசாரணையின் கடைசியில் அடுக்கடுக்காகச் சில வாக்கியங்கள் வரும். அரிவாள் உங்கள் முன்னிலையில் கைப்பற்றப்படவில்லை, எதிரி எந்த வாக்குமூலமும் கொடுக்கவில்லை, காவல் துறையினரின் தூண்டுதலால் நீங்கள் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். முதல் முறை கேட்பவருக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருக்கும். பொய் சாட்சி என்று ஊரறிய ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் அது வழக்கறிஞரின் கடமை. எதிரி தரப்பின் வாதம் என்னவோ அதைச் சாட்சியின் முன் வைத்து, மறுக்க வாய்ப்புத் தர வேண்டும். வைக்காமல் விட்டால், சாட்சி சொன்னதை எதிர்க்கவில்லை என்று பின்னால் கொள்ள இடமுண்டு. அந்த வாக்கியம் தானாக ஆதாரமாகிவிடாது. நம் பதில்தான் ஆதாரம். "சரியல்ல" என்று சொன்னால் போதும். பதிவில் அது, "நான் காவல் துறையினரின் தூண்டுதலால் பொய் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் அது சரியல்ல" என்று ஏறும். "நான் ஏன் ஐயா பொய் சொல்ல வேண்டும், எனக்கு அவர் மேல் என்ன பகை?" என்று தொடங்கினால், பகையைப் பற்றிய கேள்விகளுக்கு நாமே கதவைத் திறந்து விடுகிறோம். கேள்வி உண்மையிலேயே எல்லை மீறி, வழக்குக்குத் தொடர்பில்லாமல் அவமதிப்பதாகவோ ஆபாசமாகவோ போனால், அதைத் தடுக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. சாட்சி அவரிடம் முறையிட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

எல்லாம் முடிந்து இறங்கும் அவசரத்தில் பலர் தவறவிடும் படி, சாட்சியத்தைப் படித்துப் பார்ப்பது. பதிவான சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்டித் தேவையானால் திருத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. திருத்தத்தை நீதிபதி ஏற்காவிட்டாலும், சாட்சி இப்படி ஆட்சேபித்தார் என்று குறிப்பு எழுத அவருக்கு வழி இருக்கிறது. நடைமுறையில் மாலை நெருக்கடியில் தாளை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். அந்த வழக்கில் மடையின் கிழக்குப் பக்கம் என்று நான் சொன்னது மேற்கு என்று ஏறியிருந்தது. பெஞ்ச் கிளார்க்கிடம் காட்டினேன். அவர் நீதிபதியிடம் எடுத்துப்போனார். வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தி, ஓரத்தில் நீதிபதி சுருக்கொப்பமிட்டார். அதன் பிறகே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். படிக்கத் தெரியாதவர்கள் படித்துக் காட்டும்படி கேட்கலாம். கிராம உதவியாளருக்கு யாரேனும் அன்று நிதானமாகப் படித்துக் காட்டியிருந்தால், மகஜர் முன்பே எழுதப்பட்டிருந்தது என்ற வரியைக் கேட்ட மாத்திரத்தில் அவர் "அப்படிச் சொல்லலைங்கய்யா" என்று மறுத்திருப்பார்.